ஒரு கிரைண்டர் கட்டுரைக்கு நான் எழுதிய விலைக் கடிதம்

கடந்த ஆண்டு ஆடி மாதம் சென்னையிலுள்ள ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோயம்புத்தூரில் தயாராகும் ஒரு டேபிள்டாப் கிரைண்டரைப் பற்றி என் சமையல் வலைப்பதிவில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். கேட்டிருந்தவை எல்லாம் நான்கே வரிகளில் அடங்கிவிட்டன. 1,200 சொற்களில் ஒரு கட்டுரை, இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல், மூன்று ஸ்டோரிகள், தரமான பத்துப் படங்கள், அந்தப் படங்களை எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை, ஆறு மாதத்துக்கு வேறு கிரைண்டரைப் பற்றி எழுதக் கூடாது, வெளியிடும் முன் அவர்களுடைய ஒப்புதல், நிறுவனத்தின் தளத்துக்கு இரண்டு இணைப்புகள். கட்டுரையின் மேலே ‘விளம்பரம்’ என்று போட வேண்டாம், கடைசியில் நன்றி சொன்னால் போதும். இவ்வளவுக்கும் 8,000 ரூபாய், ஒரு கிரைண்டர். பணம் வெளியான 90 நாட்களில் வரும்.

ஒன்பது ஆண்டுகளாக மதுரையில் இருந்து எழுதுகிறேன். முதல் நான்கைந்து ஆண்டுகள் இப்படிப்பட்ட கடிதங்களுக்கு ஒரே வகையாகத்தான் பதில் போட்டேன். “8,000 போதாது, 12,000 கொடுங்கள்” என்பேன். அவர்கள் 10,000 என்பார்கள், நான் சரி என்பேன். பேரம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் அந்த நான்கு வரிகளை மறுபடி படிக்கவே மாட்டேன். தொகையைப் பற்றி மட்டும் பேசினால் மற்றதெல்லாம் கேட்டவர் விருப்பப்படி போய்விடும் என்பது எனக்கு ஒரு மசாலா பாக்கெட்டைப் பார்த்த நாளில்தான் புரிந்தது.

மாட்டுத்தாவணி அருகே ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த அலமாரியில் 100 கிராம் குழம்புப் பொடிப் பாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. பாக்கெட்டின் முகப்பில் என் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. மண்சட்டியின் விளிம்பில் ஒரு சிறு விள்ளல், அதை மறைக்க நான் வைத்த கறிவேப்பிலைக் கொத்து, ஓரத்தில் என் அம்மாவின் பித்தளைக் கரண்டி, எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிறுவனத்துக்காக 5,000 ரூபாய்க்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். “படங்களும் சேர்த்து 5,000” என்று நான்தான் எழுதியிருந்தேன். எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை காலத்துக்கு, எந்த இடத்தில் என்று ஒரு சொல்லும் இல்லை. அவர்களிடம் கேட்டபோது அந்த வரியைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

அதன்பிறகு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் எனக்கு வேண்டிய பகுதியைப் படித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே நாம் சொல்லாமல் விட்ட இடம் வெற்றிடமாக நிற்பதில்லை, அதைச் சட்டமோ எதிர்த்தரப்போ நிரப்பிவிடும். அன்று முதல் படம், காலம், இடம் மூன்றையும் எழுதாமல் நான் எந்த விலையும் சொல்வதில்லை.

கிரைண்டர் கடிதத்துக்கு வருகிறேன். முதல் பதிலில் நான் விலையே சொல்லவில்லை. நான்கு கேள்விகள் மட்டும் கேட்டேன். படங்கள் எங்கே வரும், அட்டைப்பெட்டியிலா, கடைப் பலகையிலா, பணம் கட்டிப் போடும் விளம்பரத்திலா, உங்கள் சொந்தப் பக்கத்திலா? ஆறு மாதம் என்பதில் ‘வேறு கிரைண்டர்’ என்றால் மிக்ஸியும் சேர்த்தியா? கட்டுரையில் கட்டாயம் வர வேண்டிய கூற்றுகள் எவை, அவற்றுக்கு உங்களிடம் சோதனை அறிக்கை இருக்கிறதா? பில்லை யார் பெயரில் போட வேண்டும், ஏஜென்சி பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பணம் தாமதமாகும்போது யாரிடம் கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது. ஏஜென்சி பெயரில் பில் போட்டால், “நிறுவனம் எங்களுக்குத் தந்ததும் தருகிறோம்” என்ற பதில் ஏறக்குறைய நிச்சயம். அதனால் ஏஜென்சிக்கு எழுதும்போது, அவர்களுக்குப் பணம் வந்ததா இல்லையா என்பது என் கெடுவை மாற்றாது என்ற வரியைச் சேர்த்துக்கொள்வேன்.

மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் பொறுமையானவர். படங்கள் இப்போதைக்கு நிறுவனத்தின் தளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும்தான், மிக்ஸி சேர்த்தியில்லை, பில் ஏஜென்சி பெயரில் என்று சொல்லியிருந்தார். கட்டாயக் கூற்றாக ஒன்றைக் கொடுத்திருந்தார்: “கல்லில் அரைப்பதால் மாவு சூடாகவே ஆகாது.” சோதனை அறிக்கை பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இனி விலை. நான் கணக்குப் போடும் முறையை முழுவதும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரிவதே இல்லை. மாதத்தில் 60 மணி நேரம் பணம் வாங்கும் எழுத்துக்கு ஒதுக்க முடிகிறது. அதிலிருந்து 36,000 ரூபாய் வந்தால்தான் வலைப்பதிவின் செலவும் என் பங்குக் குடும்பச் செலவும் நடக்கும். அதனால் என் ஒரு மணி நேரம் 600 ரூபாய். கிரைண்டரை மூன்று நாட்களில் மூன்று முறை ஓட்டிப் பார்ப்பதற்கு 8 மணி, படம் எடுத்துத் திருத்த 5 மணி, எழுத 6 மணி, கடிதப் போக்குவரத்துக்கும் திருத்தங்களுக்கும் 3 மணி. மொத்தம் 22 மணி, 13,200 ரூபாய். அரிசி, உளுந்து முதலியவற்றுக்கு 800 சேர்த்தால் 14,000. உழைப்புக்கான விலை இதோடு முடிகிறது.

இதற்கு மேல் இடத்துக்கு ஒரு விலை உண்டு. என் பதிவில் இதற்கு முன் எழுதிய மூன்று சமையலறைச் சாதனக் கட்டுரைகளை முதல் ஆண்டில் ஒவ்வொன்றும் 5,000 முதல் 7,000 பேர் வரை படித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் கூகுளில் அந்தப் பொருளைத் தேடி வந்தவர்கள், அதாவது வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள். ஒருவருக்கு ஒரு ரூபாய் என்று வைத்து 6,000. ஆக ஒரு கட்டுரை 20,000 ரூபாய். இலவசமாக வரும் கிரைண்டரை இதில் நான் கழிப்பதில்லை. என் வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறு மாத விலக்குக்கு விலை போடுவதுதான் பலருக்கும் குழப்பம். எழுதாமல் இருப்பதற்கு என்ன கணக்கு என்று தோன்றும். நான் பழைய அஞ்சல்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் கிரைண்டர் பற்றிய விசாரிப்பு மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்திருக்கிறது. மூன்றில் ஒன்று கைகூடும். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டால் 20,000 ரூபாய் வேலையில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பை இழக்கிறேன். ஆகவே மூன்று மாதத்துக்கு 6,000. ஆறு மாதம் நான் தருவதே இல்லை. அவ்வளவு தூரம் முன்னால் என் வாசகர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

கணக்கு முடிந்ததும் கடிதத்தை எழுதினேன். இரு தரப்பும் தமிழர்கள், கட்டுரையும் தமிழில்தான் வரப்போகிறது, அதனால் கடிதத்தையும் தமிழிலேயே எழுதினேன். முக்கியமான பகுதிகள் இவை:

“வணக்கம் சார். விரைவாகப் பதில் தந்ததற்கு நன்றி. தாங்கள் கேட்டவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விலை குறித்திருக்கிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று தாங்கள் தேர்ந்துகொள்ள வசதியாக இருக்கும்.

கட்டுரை ஒன்று, ஏறத்தாழ 1,200 சொற்கள், மூன்று நாள் சோதனைக்குப் பிறகு எழுதப்படும், ஆறு படங்களுடன்: 20,000 ரூபாய். ஒரு நிமிட ரீல் ஒன்றும் மூன்று ஸ்டோரிகளும்: 12,000. கட்டுரைப் படங்களில் மூன்றை நிறுவனத்தின் இணையதளத்திலும் சொந்தச் சமூக ஊடகப் பக்கங்களிலும் ஆறு மாதம் பயன்படுத்தும் அனுமதி: 4,500. மூன்று மாதம் வேறு நிறுவனக் கிரைண்டருக்கு விளம்பரக் கட்டுரை எழுதாதிருத்தல்: 6,000. எல்லாம் சேர்ந்து 42,500 ரூபாய். எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, ஆகவே அந்த வரி சேராது.

படங்களின் உரிமை என்னிடமே இருக்கும். அட்டைப்பெட்டி, கடைப் பலகை, பணம் கட்டிப் போடும் விளம்பரம் ஆகியவற்றுக்கு இந்த அனுமதி பொருந்தாது. வேண்டுமானால் முன்கூட்டிக் கேளுங்கள், தனி விலை சொல்கிறேன்.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே ‘விளம்பரம்: இந்தக் கட்டுரைக்காக நிறுவனத்திடம் பணம் பெற்றிருக்கிறேன்’ என்று வரும். இதை மாற்ற இயலாது. இணைப்புகள் இரண்டும் கட்டணம் பெற்ற இணைப்புகள் என்ற குறியீட்டோடுதான் இருக்கும்.

வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்பு கட்டுரையை அனுப்புவேன். விலை, அளவு, மின்சக்தி, உத்தரவாதக் காலம் போன்ற தகவல்களில் பிழை இருந்தால் ஒருமுறை திருத்தித் தருவேன். என் சோதனையில் கண்டதையும் என் கருத்தையும் மாற்ற மாட்டேன்.

பாதித் தொகை முன்பணம், மீதி வெளியான 30 நாட்களுக்குள். ஏஜென்சிக்கு நிறுவனத்திடமிருந்து பணம் வரும் நாள் இந்தக் கெடுவைப் பாதிக்காது. சோதனை தொடங்கிய பிறகு தாங்கள் கைவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படாது. கிரைண்டரைச் சோதனை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன், அனுப்பும் செலவு தங்களுடையது.”

கடிதம் இன்னும் சில வரிகள் நீளும். எதை ஏன் எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது, ‘விளம்பரம்’ என்ற சொல். ‘மேலே போடாதீர்கள்’ என்று கேட்பது இன்றும் சர்வசாதாரணம். விளம்பரத் தர நிர்ணயக் குழுமத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதை வாசகர் கண்ணில் படும்படி முதலிலேயே சொல்ல வேண்டும் என்கிறது. கட்டுரையின் அடியில் நன்றி தெரிவிப்பது சொன்னதாகாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, பரிந்துரைத்தவருக்கே முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், ஓர் ஆண்டு வரை பரிந்துரை செய்யத் தடையும் போடலாம். கூற்று உண்மையா என்று உரிய கவனத்துடன் சரிபார்த்தவர் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட வழி இருக்கிறது. சோதனை அறிக்கையைக் கேட்டு நான் அனுப்பிய கேள்வி அதற்காகத்தான். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை மேலேதான் வைப்பேன். என் பதிவைப் படித்து 6,000, 7,000 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கப்போகிறவர், எழுதியவள் பணம் வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு முதல் வரியைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. ஏஜென்சிகள் ‘டூஃபாலோ’ இணைப்பு வேண்டும் என்பார்கள். தேடுபொறி அந்த இணைப்பை ஒரு நற்சான்றாக எண்ணி நிறுவனத்தின் தளத்தை மேலே தூக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பணம் வாங்கிய இணைப்பை அடையாளப்படுத்த வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கென்றே 2019 செப்டம்பரில் ஒரு தனிக் குறியீட்டை அறிமுகப்படுத்தினார்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```html
<a href="https://example.com/grinder" rel="sponsored">…</a>
```

இதைப் போடாமல் விட்டால் தண்டனை இணைப்பைக் கேட்டவருக்கு மட்டும் வருவதில்லை. இணைப்பை விற்ற தளத்தின் மீதும் நடவடிக்கை வரலாம், அப்போது தேடலில் என் பழைய கட்டுரைகளும் கீழே போய்விடும். ஒன்பது ஆண்டு உழைப்பை 8,000 ரூபாய்க்கு அடகு வைப்பது போன்றது அது. சில ஏஜென்சிகள் இந்த வரியைப் படித்ததுமே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்குக் கட்டுரை தேவையில்லை, இணைப்பு மட்டும்தான் தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது, பணம் வரும் நாள். 90 நாள் என்பது ஏதோ மாற்ற முடியாத விதி போலச் சொல்வார்கள். நான் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்திருக்கிறேன். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. இதைவிடக் கணக்குப் பிரிவினரை அசைப்பது இன்னொன்று. அந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் ஆண்டு முடிந்துவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழித்துக் காட்ட முடியாதபடி 2023இல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. எனக்குக் கணக்குப் பார்க்கும் அண்ணன், “மிரட்ட வேண்டாம்மா, பில்லின் தலையில் உத்யம் எண்ணை மட்டும் போடு, பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள்” என்றார். அப்படியே செய்கிறேன். வேறொரு ஏஜென்சியின் கணக்காளர் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, எண் சரிதானா என்று மட்டும் கேட்டார். அந்தப் பணம் 20ஆம் நாள் வந்தது.

கிரைண்டரைத் திருப்பி அனுப்பியதற்கும் காரணம் உண்டு. 2022 ஜூலை 1 முதல், ஓர் ஆண்டில் ஒரு நிறுவனம் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். கிரைண்டர் அந்த அளவுக்கு வராது. ஆனால் வைத்துக்கொண்டால் அது என் வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. கட்டுரையிலும் ‘பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று எழுத முடிகிறது.

நான்கு நாள் கழித்து ஏஜென்சியின் பதில் வந்தது. “மேடம், உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் நிறுவனம் ஒதுக்கியிருப்பது அதிகபட்சம் 25,000. எல்லாவற்றையும் அதற்குள் முடித்துத் தர முடியுமா?”

பேரம் நிஜமாகத் தொடங்குவது இங்கேதான். 42,500 ரூபாய்க்குச் சொன்ன அதே வேலையை 25,000க்குச் செய்கிறேன் என்றால், முதலில் சொன்ன விலை பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த முறை 42,500 என்றால் அவர் 20,000இலிருந்து தொடங்குவார். ஆகவே விலையைத் தொடாமல் பொருளைக் குறைத்தேன்.

“தங்கள் ஒதுக்கீட்டுக்குள் முடிக்க வழி இருக்கிறது. கட்டுரையும் மூன்று படங்களின் ஆறு மாத அனுமதியும் சேர்ந்து 24,500. ரீலை விட்டுவிடலாம். உளுந்து அரைபடுவதைப் பார்க்க விரும்புகிறவர் கட்டுரையைத் தேடித்தான் வருகிறார் என்பது என் அனுபவம். கிரைண்டர் பற்றிய வேறு விளம்பரக் கட்டுரையை வெளியான நாளிலிருந்து 30 நாள் போட மாட்டேன். அதற்குத் தொகை வேண்டாம், எப்படியும் ஒரு மாதத்துக்குள் இரண்டு கிரைண்டர் கட்டுரை என் வாசகர்களுக்கு நான் தர மாட்டேன்.”

அன்று மாலையே சம்மதம் வந்தது. 12,250 ரூபாய் முன்பணமும் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கடிதத்தின் நிபந்தனைகளை அப்படியே ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் அரிசியை ஊறவைத்தேன்.

மூன்று நாளும் ஒரே அளவு: இட்லி அரிசி நான்கு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு. ஊறவைத்த உளுந்தைக் கல்லில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து 30 நிமிடம் அரைத்தேன். தொடக்கத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் மாவில் சமையலறை வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 29 டிகிரியில் தொடங்கி 34இல் முடிந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அரை டிகிரி முன்பின்னாக அதேதான். ஒப்பிட்டுப் பார்க்க அதே உளுந்தை மிக்ஸியில் ஆறு நிமிடம் அரைத்தேன், 43 டிகிரி காட்டியது. தொட்டாலே வெதுவெதுப்பு தெரிந்தது. கல்லில் அரைத்த மாவு விரலில் எடுத்தால் பஞ்சு போல் ஒட்டியது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மிதந்தது. மறுநாள் காலை பாத்திரத்தில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பொங்கியிருந்தது. நல்ல கிரைண்டர். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பாத்திரத்தின் அடியில் கல்லுக்கு எட்டாத இடத்தில் ஒரு கைப்பிடி உளுந்து நொறுங்காமல் தங்கியது. இடையில் இரண்டு முறை நிறுத்திக் கரண்டியால் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டையும் எழுதினேன்.

சொன்னபடி மூன்று நாள் முன்பு அனுப்பினேன். பதிலில் இரண்டு திருத்தங்கள் கேட்டிருந்தார்கள். மோட்டாரின் வாட் அளவை நான் தவறாக எழுதியிருந்தேன், அதை உடனே திருத்தினேன். அடுத்தது: “34 டிகிரி என்ற வரியை எடுத்துவிட்டு, மாவு சூடாகவே ஆகாது என்று போடுங்கள். கைப்பிடி உளுந்து பற்றிய வரியும் வேண்டாம்.”

இந்த இடத்தில் வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். பாதிப் பணம் கையில், மீதி அவர்கள் கையில், கட்டுரை காத்திருக்கிறது. நான் எழுதிய பதில் சுருக்கமானது: “சார், நாம் கையெழுத்திட்ட தாளின் ஐந்தாவது பத்தியைப் பாருங்கள். வாட் அளவு தகவல் பிழை, திருத்திவிட்டேன். மற்ற இரண்டும் என் சோதனையில் கண்டவை. மாவு சூடாகவே ஆகாது என்பதற்கு அறிக்கை இருந்தால் அனுப்புங்கள், நிறுவனம் அப்படிச் சொல்கிறது என்று பெயரோடு சேர்த்து எழுதுகிறேன். என் வெப்பமானி காட்டியதை நீக்க மாட்டேன். 34 டிகிரி குறையும் அல்ல. மிக்ஸியின் 43க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் ஏன் கிரைண்டர் வாங்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்.”

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஏஜென்சிக்காரர் அழைத்தார். தொழிற்சாலையின் பொறியாளரிடம் என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். உரசல் இருக்கும் இடத்தில் சூடு இல்லாமல் எப்படி இருக்கும், அந்த வரியை எழுதியது விளம்பரப் பிரிவுதான் என்று அவர் சொன்னாராம். அடியில் தங்கும் உளுந்து அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். “அப்படியே போடுங்கள் மேடம், இடையில் தள்ளிவிடும் கரண்டி பெட்டியிலேயே வருகிறது என்பதை மட்டும் சேர்க்க முடியுமா?” என்றார். அது உண்மையான, பயனுள்ள தகவல். சேர்த்தேன்.

கட்டுரை வெளியானது. மீதிப் பணம் 30ஆம் நாள் வரவில்லை. 31ஆம் நாள் காலை பில்லை மறுபடி இணைத்து, “கெடு நேற்றோடு முடிந்தது, எந்த நாளில் வரும் என்று தெரிவியுங்கள்” என்று ஒரே வரி எழுதினேன். 38ஆம் நாள் வங்கியில் 12,250 ரூபாய் ஏறியது. வட்டி கேட்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் முன்பணத்தை அறுபது சதவீதமாக்கிக்கொள்வேன்.

படங்களின் ஆறு மாதம் முடியும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்பு நானே நினைவூட்டினேன். மூன்று படங்களும் அவர்கள் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடும் என்ற பதிலை எதிர்பார்த்தேன். “விற்பனைக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டும், அதற்கு எவ்வளவு?” என்று கேட்டிருந்தார்கள். பழைய விலையில் பாதி, 2,250 ரூபாய் என்று எழுதி, முடியும் தேதியையும் குறிப்பிட்டு அனுப்பினேன்.